திருப்புதல் தேர்வு: எல்லா அறையிலும் வாசிக்க ஒரே உரை வேண்டும். நடுவில் பிள்ளைக்கு உடம்பு முடியாமல் போனால் அதில் என்ன எழுதுவது?

வேதியியல் டீச்சர் | ஜனவரி 20, இரவு 9:10

அறைக் கண்காணிப்பாளர் தேர்வுக்கு முன்னால் பிள்ளைகளிடம் வாசிக்க எழுதி வைத்த உரை யாரிடமாவது இருக்கிறதா? திண்டுக்கல் மாவட்டம், அரசு மேல்நிலைப் பள்ளி, பன்னிரண்டாம் வகுப்பு. பிப்ரவரியில் திருப்புதல் தேர்வு. பொதுத்தேர்வு மாதிரியே நடத்தச் சொல்லி ஹெச்.எம். என் தலையில் கட்டிவிட்டார்.

கேட்கக் காரணம் அரையாண்டுத் தேர்வு. ஒரு அறையில் சார் பத்து நிமிடம் பிரசங்கம் செய்தார். பக்கத்து அறையில் "ம், எழுதுங்க" என்பதோடு சரி. அதைவிட மோசம், காலையில் சாப்பிடாமல் வந்த ஒரு பையன் பாதியில் எழுந்து நின்று அப்படியே சரிந்துவிட்டான். கண்காணிப்பாளர் பதறிப்போய் அவனைத் தூக்கிக்கொண்டு ஆசிரியர் அறைக்கு ஓடினார். நல்ல மனசுதான். ஆனால் அறையில் மீதி 19 பேர், யாரும் இல்லை. பையன் எத்தனை மணிக்குப் போனான், எத்தனை மணிக்குத் திரும்பினான் என்று எங்கும் எழுதவில்லை. அவன் விடைத்தாள் ஃபேன் காற்றில் தரையில் கிடந்தது. மறுநாள் அவன் அம்மா வந்து "எவ்வளவு நேரம் போச்சு, கூடுதலா கொடுத்தீங்களா" என்று கேட்டபோது ஆளுக்கொரு கணக்குச் சொன்னோம்.

---

கணக்கு வாத்தியார் | ஜனவரி 20, இரவு 9:48

உரை எல்லாம் எதற்கு டீச்சர்? பிட் அடித்தால் டிபார், செல்போன் வைத்திருந்தால் டிபார். இரண்டு வரி போதும். பயம் இருந்தால் எல்லாம் சரியாக நடக்கும்.

உடம்பு சரியில்லை என்றால் வெளியே விடவே கூடாது. வினாத்தாள் கையில் இருக்கிற பிள்ளை வெளியே போனால் கேள்வி வெளியே போனது மாதிரிதான். தண்ணீர் தெளித்து, குளுக்கோஸ் கொடுத்து, அந்த இடத்திலேயே உட்கார வையுங்கள். முடியாது என்றால் ஆப்சென்ட் போட்டுவிட்டு அனுப்புங்கள்.

---

பழைய சி.எஸ். | ஜனவரி 21, காலை 6:15

கணக்கு சார், வினாத்தாள் வெளியே போகக் கூடாது என்பது சரி. அதற்காகப் பிள்ளையும் போகக் கூடாது என்று எங்கே இருக்கிறது? தாள் இரண்டும் மேசையில் இருக்கட்டும், ஆள் மட்டும் போகட்டும்.

ஆப்சென்ட் போடுவது முழுத் தப்பு. வந்து உட்கார்ந்து, வருகைத் தாளில் கையெழுத்துப் போட்டு, ஒரு வரி எழுதினாலும் அவள் தேர்வு எழுதியவள்தான். ஆப்சென்ட் போட்டுவிட்டு விடைத்தாளையும் கட்டுக்குள் வைத்தால் எண்ணிக்கை இடிக்கும். வைக்காமல் விட்டால் அதைவிடப் பெரிய வம்பு. சி.எஸ்., அதாவது முதன்மைக் கண்காணிப்பாளராகப் பல பொதுத்தேர்வு பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். மாலையில் கட்டு கட்டும்போது இடிக்கிற எண்ணிக்கை முக்கால்வாசி இந்த மாதிரி அவசரத்தில் வந்ததுதான்.

டீச்சர், உரையை நேரத்தை வைத்து எழுதுங்கள், விதியை வைத்து எழுதாதீர்கள். 10:00 முதல் 10:10 வரை வினாத்தாள் படிக்க. 10:10 முதல் 10:15 வரை விவரம் சரிபார்க்க. 10:15 முதல் 1:15 வரை எழுத. இந்த மூன்றுக்குள் நீங்கள் எப்போது வாய் திறக்கலாம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

---

வேதியியல் டீச்சர் | ஜனவரி 21, மாலை 5:30

பழைய சி.எஸ். சாரின் கடைசி வரியை நாள் முழுக்க மென்றுகொண்டிருந்தேன்.

எங்கள் பள்ளியில் எல்லா விதியையும் 10:00 மணிக்கு மேல்தான் சொல்கிறோம். வினாத்தாளைக் கையில் கொடுத்துவிட்டு, "கவனிங்க, எல்லாரும் இங்கே பாருங்க" என்று ஆரம்பிக்கிறோம். அந்தப் பத்து நிமிடம் பிள்ளைகளுக்குப் படிக்கக் கொடுத்தது. வேதியியல் தாளில் இரண்டு மதிப்பெண் பகுதியில் ஒன்பது கேள்வி இருக்கும், ஆறு எழுத வேண்டும். மூன்று மதிப்பெண் பகுதியிலும் அதே கணக்கு. எதை விடுவது என்று பிள்ளை முடிவு செய்கிற நேரம் அது. அதில் நான் மை நிறத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறேன்.

ஆக, சொல்ல வேண்டியது எல்லாம் பத்துக்கு முன்னாலேயே முடிய வேண்டும். பொதுத்தேர்வில் பத்துக்குச் சற்று முன் வினாத்தாள் உறையின் முத்திரையைக் காட்டி, இரண்டு மாணவர்களிடம் கையெழுத்து வாங்கிப் பிரிக்கிற வேலையும் இருக்கிறது. 9:45க்குப் பிள்ளைகள் உட்கார்ந்தால் உரைக்கு மிஞ்சுவது ஐந்து நிமிடம், நிதானமாக என்றால் மூன்று.

எழுதிப் பார்க்கிறேன்.

---

ஒரு அப்பா | ஜனவரி 21, இரவு 8:05

என் மகள் பிளஸ் டூ. டைப் 1 சர்க்கரை. தினமும் இன்சுலின். பரீட்சை ஹாலுக்குள் குளுக்கோஸ் கொண்டுபோக விடுவார்களா? போன வருடம் ஒரு யூனிட் டெஸ்டில் பாட்டிலை வெளியே வைக்கச் சொல்லிவிட்டார்கள். நீங்கள் பேசுவது வேறு விஷயம் என்று தெரிகிறது, ஆனாலும் கேட்கிறேன்.

---

பழைய சி.எஸ். | ஜனவரி 21, இரவு 8:40

வேறு விஷயம் இல்லை ஐயா, இதே விஷயம்தான். சி.பி.எஸ்.இ. 2017லேயே டைப் 1 பிள்ளைகள் சர்க்கரை மாத்திரை, பழம், சிறு தின்பண்டம், தண்ணீர் கொண்டுவரலாம் என்று சுற்றறிக்கை போட்டது. உங்களுக்கு மாநில வாரியம் என்றால், மருத்துவர் சான்றோடு ஒரு கடிதம் இப்போதே பள்ளித் தலைமையாசிரியரிடம் கொடுங்கள். தேர்வு மையம் வேறு பள்ளி என்றால் அங்கே முதன்மைக் கண்காணிப்பாளரிடம் அவர் முன்கூட்டியே சொல்ல வேண்டும். பரீட்சை அன்று காலை வாசலில் நின்று பேசினால் யாரும் பொறுப்பு எடுக்கமாட்டார்கள். கடிதத்துக்கு ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

---

நர்ஸ் அக்கா | ஜனவரி 22, மதியம் 2:20

ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை. தேர்வு விதி எனக்குத் தெரியாது. "தண்ணீர் தெளித்து, குளுக்கோஸ் கொடுத்து" என்று ஒருவர் எழுதியிருந்ததால் உள்ளே வந்தேன்.

மயங்கிய பிள்ளை வாயில் எதையும் ஊற்றாதீர்கள். நினைவு முழுதாகத் திரும்பாமல் ஊற்றினால் அது மூச்சுக்குழாய்க்குள் போகும். உட்காரவும் வைக்காதீர்கள். மயக்கம் பெரும்பாலும் மூளைக்கு ரத்தம் போதாமல் வருவது. படுக்க வைத்தால் ரத்தம் தானாகப் போகும், நிமிர்த்தி உட்கார வைத்தால் திரும்ப மயங்கும். தரையில் மல்லாக்கப் படுக்க வைத்து, காலைப் பெஞ்ச் மேலோ பை மேலோ தூக்கி வையுங்கள். சட்டைக் காலரைத் தளர்த்துங்கள். சுற்றி நிற்பவர்களை விலக்குங்கள். சாதாரண மயக்கம் என்றால் ஒன்றிரண்டு நிமிடத்துக்குள் கண் திறக்கும். திறக்கவில்லை என்றாலோ, விழும்போது தலையில் அடிபட்டிருந்தாலோ, நெஞ்சு வலி என்றாலோ யோசிக்க வேண்டாம், 108. கண் திறந்ததும் உடனே எழுப்பாதீர்கள். கொஞ்ச நேரம் படுத்திருந்து, உட்கார்ந்து, பிறகு தண்ணீர்.

அப்பாவுக்கு: மகளுக்கு வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால் சர்க்கரை இறங்குகிறது என்று பொருள். விழுங்க முடிகிற நிலையில் இருந்தால் மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் அரை டம்ளர் தண்ணீரில். பதினைந்து நிமிடத்தில் தெளியவில்லை என்றால் இன்னொரு தடவை. நினைவு இல்லை என்றால் வாயில் ஒன்றும் வேண்டாம், 108. இந்த அறிகுறிகளைக் கண்காணிப்பாளரிடம் முன்பே சொல்லி வையுங்கள். தெரியாதவர் பார்த்தால் பிட் மாட்டிக்கொண்ட பதற்றம் என்றுதான் நினைப்பார்.

---

கணக்கு வாத்தியார் | ஜனவரி 22, மாலை 6:02

சரி, குளுக்கோஸ் விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன். வலிப்பு வந்தால்? எங்கள் பள்ளியில் ஒருமுறை வந்தது. சாவிக்கொத்தைக் கையில் கொடுத்ததும் நின்றுவிட்டது. கண்ணால் பார்த்தேன்.

---

நர்ஸ் அக்கா | ஜனவரி 22, இரவு 7:15

சாவி கொடுக்காவிட்டாலும் நின்றிருக்கும் சார். பெரும்பாலான வலிப்பு இரண்டு மூன்று நிமிடத்தில் தானாக நிற்கும். நாம் சாவி தேடி எடுத்து வருவதற்கும் அது நிற்பதற்கும் சரியாக இருக்கும், அவ்வளவுதான். கையில், வாயில் எதையும் திணிக்க வேண்டாம், இறுக்கிப் பிடிக்கவும் வேண்டாம். பெஞ்சைத் தள்ளிப் போடுங்கள், தலைக்கு அடியில் ஏதாவது மெத்தென்று வையுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, நின்று மறுபடி வந்தாலோ 108.

கடிகாரம் பார்க்கிற வேலையைத்தான் யாரும் செய்வதில்லை. டாக்டர் கேட்கும்போது எல்லோரும் "அரை மணி நேரம் இழுத்தது" என்கிறார்கள்.

---

வேதியியல் டீச்சர் | ஜனவரி 23, இரவு 10:30

முதல் வரைவு இரண்டு பக்கம் வந்தது. வீட்டில் சத்தமாக வாசித்து நேரம் பார்த்தேன். ஆறு நிமிடம். ஒன்பதாவது படிக்கிற என் மகனே பாதியில் எழுந்து போய்விட்டான். வெட்டியபின் மிஞ்சியது கீழே. சாய்வாக இருப்பது வாசிக்க வேண்டியது, மற்றது கண்காணிப்பாளருக்கு.

9:45, எல்லோரும் உட்கார்ந்ததும்:

*பையும் புத்தகமும் வெளியே இருக்கட்டும். செல்போன், ஸ்மார்ட் வாட்ச் இருந்தால் இப்போதே கொடுத்துவிடுங்கள், ஒன்றும் சொல்லமாட்டேன். சட்டைப் பையையும் ஜாமெட்ரி பாக்ஸையும் நீங்களே ஒருமுறை பாருங்கள். பழைய காகிதம் இருந்தால் வாசல் ஓரக் கூடையில் போடுங்கள்.*

(இங்கே அரை நிமிடம் நிறுத்துங்கள். பார்க்கட்டும்.)

*பத்து மணிக்கு வினாத்தாள் தருவேன். பத்து நிமிடம் படிக்க மட்டும், பேனா கீழே இருக்கட்டும். 10:10க்கு விடைத்தாளில் உங்கள் பெயர், பதிவெண், பாடம் சரியா என்று பார்ப்போம். 10:15 மணி அடித்ததும் எழுதலாம். 1:15 மணி அடித்ததும் நிறுத்த வேண்டும். அதற்கு ஐந்து நிமிடம் முன்னால் ஒரு மணி அடிக்கும்.*

*நீலம் அல்லது கருப்பு மை. படம் பென்சிலில். கலர் பேனா, கலர் பென்சில் வேண்டாம். பதிவெண்ணைக் கேட்ட இடத்தைத் தவிர விடைத்தாளில் வேறு எங்கும் எழுதக் கூடாது.*

*தலை சுற்றினாலோ, வாந்தி வருகிற மாதிரி இருந்தாலோ, வயிறு வலித்தாலோ, எழுந்து நிற்காமல் கையை மட்டும் தூக்குங்கள். நான் உங்கள் பக்கத்தில் வருகிறேன். காரணத்தைச் சத்தமாகச் சொல்ல வேண்டியதில்லை. யாராவது பக்கத்தில் சரிந்தால் நீங்கள் எழ வேண்டாம், "டீச்சர்" என்று கூப்பிட்டால் போதும்.*

*கேள்வி இருந்தால் இப்போது கேளுங்கள். பத்து மணிக்கு மேல் நான் பேசமாட்டேன்.*

10:00: வினாத்தாள் கொடுக்கும்போது ஒரே வரி. *பக்கம் எல்லாம் இருக்கிறதா, அச்சு தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள்.* அப்புறம் வாயை மூடிக்கொள்ளவும்.

நிதானமாக வாசித்தால் இரண்டரை நிமிடம்.

"எழுந்து நிற்காமல்" என்பதை மட்டும் யாரும் வெட்டாதீர்கள். அரையாண்டில் அந்தப் பையன் உட்கார்ந்தே கை தூக்கியிருந்தால் பெஞ்ச் மேல் தலை சாய்ந்திருப்பான். அனுமதி கேட்க எழுந்து நின்றதால்தான் பெஞ்ச் விளிம்பில் நெற்றி இடித்தது. பதில் சொல்ல எழுந்து நில் என்று பன்னிரண்டு வருடம் நாம்தான் பழக்கியிருக்கிறோம்.

---

கணக்கு வாத்தியார் | ஜனவரி 24, காலை 7:20

டிபார் என்ற வார்த்தையே இல்லையே? பறக்கும் படை வந்து ஒருத்தனிடம் பிட் பிடித்தால் "எங்களுக்கு யாரும் சொல்லல" என்பான். எழுதிய விடை எல்லாவற்றையும் தானே கோடு போட்டு அடித்தால் முடிவை நிறுத்தி வைப்பார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். அது நிறையப் பேருக்குத் தெரியாது.

---

வேதியியல் டீச்சர் | ஜனவரி 24, மாலை 6:40

முழுக்க அடித்தால் முடிவு நிறுத்தம் என்பது சரிதான், அது அவசியம் தெரிய வேண்டும். ஆனால் அதை முந்தின நாள் வகுப்பில் சொல்கிறேன், அறிவிப்புப் பலகையிலும் ஒட்டுகிறேன். பிட் விஷயமும் அப்படியே. வினாத்தாள் வருவதற்கு இரண்டு நிமிடம் முன்பு பிள்ளை காதில் கடைசியாக விழுவது தண்டனையாக இருக்க வேண்டுமா என்பதுதான் என் கேள்வி. கூடை வைத்ததே அதற்குத்தான். மிரட்டினால் பிட் உள்ளேயே இருக்கும், போட ஒரு இடம் கொடுத்தால் வெளியே வரும்.

நீங்கள் ஒத்துக்கொள்ளமாட்டீர்கள், தெரியும். உங்கள் அறையில் ஒரு வரி சேர்த்து வாசியுங்கள்.

---

ஹாரோ வாசி | ஜனவரி 25, அதிகாலை 3:10

நான் இங்கே லண்டனிலே ஒரு பள்ளிக்கூடத்திலே சோதனை மேற்பார்வைக்குப் போறனான். ஜி.சி.எஸ்.இ., ஏ லெவல் ரெண்டுக்கும். மண்டபத்திலே 30 பிள்ளைக்கு ஒரு ஆள் என்று கணக்கு. ஒரு ஆள் தனியே நிற்கிற அறை என்றால், அறையை விட்டுப் போகாமல் உதவி கூப்பிட ஒரு வழி கட்டாயம் இருக்க வேணும். உங்கட உரையிலே அது இல்லை. அறையிலே ஒரு ஆள், பிள்ளை விழுந்திட்டுது, அந்த ஆள் யாரைக் கூப்பிடுறது?

மற்றது, வருத்தம் வந்து வெளியே போன பிள்ளைக்கு, போன நேரத்தைத் திருப்பிக் குடுக்கிறதுக்குப் பள்ளிக்கூடத்துக்கே இங்கே அதிகாரம் இருக்கு. கூட ஒரு ஆள் போக வேணும், போன நேரம், வந்த நேரம் எழுத வேணும். அங்கே எப்படி?

---

வேதியியல் டீச்சர் | ஜனவரி 25, காலை 8:15

அக்கா, நல்ல இடத்தில் பிடித்தீர்கள். எங்களுக்கு 20 பேருக்கு ஒருவர். பொதுத்தேர்வு அறைக்குள் ஆசிரியரும் செல்போன் கொண்டுபோகக் கூடாது. அதனால் கூப்பிட வழி என்பது வராந்தாவில் நிற்கிற ஆள்தான். அரையாண்டில் வராந்தாவில் யாரும் இல்லை, தண்ணீர் வைக்கிற அக்கா டீ குடிக்கப் போயிருந்தார். அதுதான் அந்த சார் ஓடக் காரணம்.

ஹெச்.எம்.மிடம் பேசினேன். மூன்று அறைக்கு ஒரு ரிசர்வ் ஆசிரியர், வராந்தாவில் நாற்காலி போட்டு. அவர்களில் பாதிப் பேராவது பெண்கள். கண்காணிப்பாளர் வாசலில் நின்று கையைக் காட்டினால் ரிசர்வ் வர வேண்டும். ஓட வேண்டியவர் ரிசர்வ். கண்காணிப்பாளர் அறையை விட்டு நகரவே கூடாது. இதை உரைத் தாளின் பின்பக்கம் எழுதப்போகிறேன், பிள்ளைகளுக்கு வாசிக்க அல்ல.

நேரம் திருப்பித் தருவது பற்றி சி.எஸ். சார் சொல்லட்டும்.

---

பழைய சி.எஸ். | ஜனவரி 25, காலை 11:00

பொதுத்தேர்வில் அறைக் கண்காணிப்பாளர் தன் விருப்பத்துக்கு ஒரு நிமிடம்கூடத் தர முடியாது. மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு ஒரு மணி நேரம் கூடுதல் உண்டு, ஆனால் அது முன்பே விண்ணப்பித்து ஆணை பெற்றது. நடுவில் மயங்கியவனுக்கு என்றால், அறையில் இருப்பவர் செய்யக்கூடியது உடனே முதன்மைக் கண்காணிப்பாளருக்கும் துறை அலுவலருக்கும் தகவல் சொல்வதும், நேரத்தை எழுதி வைப்பதும். முடிவு அவர்களுடையது. அவர்களும் மேலே கேட்டுத்தான் செய்வார்கள். நான் இருந்தபோது படுக்க வைத்து எழுத வசதி செய்திருக்கிறேன், அம்மை வந்த பையனுக்குத் தனி அறை கொடுத்திருக்கிறேன். நேரம் கூட்டிக் கொடுத்ததில்லை.

இன்னொன்று. விடைத்தாள் மேல் வாந்தி எடுத்துவிட்டால் பதறிப்போய்க் கிழித்துப் போடாதீர்கள். முகப்புத் தாளில் பார்கோடு இருக்கிறது, அந்தத் தாளுக்குக் கணக்கு உண்டு. அப்படியே வைத்து சி.எஸ்.ஐக் கூப்பிடுங்கள். விடைத்தாளை எந்த நிமிடம் கையில் கொடுப்பது என்பதையும் அந்தந்த ஆண்டு வரும் வழிகாட்டி நெறிமுறையைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள், உங்கள் உரையைப் பார்த்து அல்ல.

---

வேதியியல் டீச்சர் | பிப்ரவரி 5, இரவு 9:55

முதல் திருப்புதல் தேர்வு ஓடிக்கொண்டிருக்கிறது. இன்று வேதியியல். நடந்ததை எழுதுகிறேன்.

11:05க்கு ஒரு பெண் உட்கார்ந்தபடியே கை தூக்கினாள். அறையில் இருந்தது தமிழாசிரியர், ஆண். பக்கத்தில் போனார், அவள் "வயிறு" என்றாள். மேலே கேட்கவில்லை. விடைத்தாளை மூடிக் கவிழ்த்து, மேலே வினாத்தாளை வைத்து, அதன் மேல் அவள் ஜாமெட்ரி பாக்ஸை வைத்தார். வாசலுக்குப் போய்க் கையைக் காட்டினார். ரிசர்வில் இருந்த டீச்சர் வந்து அழைத்துப் போனார். கரும்பலகை ஓரத்தில் கடைசி மூன்று இலக்கப் பதிவெண்ணும் 11:08ம் எழுதினார். மாதவிடாய் வலி. நாப்கின், வெந்நீர், கொஞ்ச நேரம் படுக்கை. கூடவே இருந்த டீச்சர் பாடம் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. 11:20க்குத் திரும்பி உட்கார்ந்தாள். அறையில் மற்ற 19 பேரில் பாதிப் பேர் தலையே தூக்கவில்லை என்றார் தமிழய்யா.

பன்னிரண்டு நிமிடம். திருப்புதல் தேர்வு எங்கள் கையில் இருப்பதால் ஹெச்.எம். 1:27 வரை கொடுத்தார். உடனே இரண்டு பையன்கள் "எங்களுக்கும் ஃபேன் ஓடல, நேரம் வேணும்" என்று கிளம்பினார்கள். ஃபேன் ஓடாதது உண்மை.

பன்னிரண்டு நிமிடம் என்றால் எவ்வளவு என்று யோசித்தேன். எழுத்துத் தேர்வு 70 மதிப்பெண், 180 நிமிடம். மதிப்பெண்ணுக்கு இரண்டரை நிமிடம் சொச்சம். பன்னிரண்டு நிமிடம் போனால் கிட்டத்தட்ட ஒரு ஐந்து மதிப்பெண் கேள்வி போனது. மேலே படிக்கப் போகிற பிள்ளைக்குக் கட் ஆஃபில் அது எங்கேயோ கொண்டுபோய் விடும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அவள் திரும்பி வரவே முடியாமல் போயிருந்தால்? அதற்குள் பதினைந்து ஒரு மதிப்பெண் கேள்விகளையும் முடித்திருக்கிறாள், எல்லாம் சரி என்று வைத்துக்கொள்வோம். எழுத்துத் தேர்வில் குறைந்தபட்சம் தேவைப்படுவது 15. செய்முறை 20, அகமதிப்பீடு 10 சேர்ந்தால் 35ஐத் தாண்டிவிடுவாள். பாஸ். துணைத் தேர்வு தோல்வி அடைந்தவர்களுக்கும் வராதவர்களுக்கும்தான். அப்படியானால் நன்றாகப் படிக்கிற ஒரு பெண், பாதியில் எழுந்து போனதால், பாஸ் ஆனதே வினையாக நாற்பத்தைந்தோடு நிற்பாள். முந்தின இரவே காய்ச்சல் வந்து, வராமலே இருந்தவளுக்கு முழுத் தேர்வு எழுத இன்னொரு வாய்ப்பு.

---

கணக்கு வாத்தியார் | பிப்ரவரி 5, இரவு 10:20

அதனால்தான் சொன்னேன், ஆப்சென்ட் போடுங்கள் என்று!

---

பழைய சி.எஸ். | பிப்ரவரி 6, காலை 6:05

இருந்தவளை இல்லை என்று எழுதச் சொல்கிறீர்கள். கையெழுத்து வருகைத் தாளில் இருக்கிறது. வேண்டாம் சார்.

டீச்சர் சொன்ன சிக்கல் உண்மை, என்னிடம் பதில் இல்லை. ஆனால் ஒரு வேலை செய்யலாம். காலையிலேயே 102 டிகிரி காய்ச்சலோடு வருகிற பிள்ளையை "வந்துட்டே இல்ல, எழுதிடு" என்று உள்ளே தள்ளாதீர்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் பெற்றோரைக் கூப்பிட்டு, எழுதினால் என்ன, எழுதாவிட்டால் என்ன என்று இரண்டையும் சொல்லுங்கள். முடிவு அவர்கள் எடுக்கட்டும். நீங்கள் எடுக்காதீர்கள்.

---

ஒரு அப்பா | பிப்ரவரி 7, இரவு 9:00

கடிதம் கொடுத்துவிட்டேன். ஹெச்.எம். வாங்கிக்கொண்டார், மையம் வேறு பள்ளி, அங்கே பேசுகிறேன் என்றார். திருப்புதல் தேர்வில் குளுக்கோஸ் பொட்டலம் கண்காணிப்பாளர் மேசையில் இருந்ததாம். மகள் சொல்கிறாள், ஒவ்வொரு அரை மணிக்கும் அந்த டீச்சர் வந்து "நல்லா இருக்கியா" என்று கேட்டுக் கேட்டு எழுத விடவில்லையாம்.

---

நர்ஸ் அக்கா | பிப்ரவரி 7, இரவு 9:35

சிரித்துவிட்டேன். கேட்க வேண்டாம், தூரத்தில் இருந்து பார்த்தால் போதும் என்று சொல்லுங்கள். வியர்வையும் நடுக்கமும் கண்ணுக்குத் தெரியும்.

---

வேதியியல் டீச்சர் | பிப்ரவரி 9, மாலை 7:10

பின்பக்கத்தின் இறுதி வடிவம். யாருக்காவது வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளை கை தூக்கினால் பக்கத்தில் போய்க் குனிந்து கேளுங்கள். எழுதும் நிலையில் இல்லை என்றால் கடிகாரம் பார்த்து நேரத்தைப் பலகையில் எழுதுங்கள். விடைத்தாளும் வினாத்தாளும் மேசையில், கவிழ்த்து, கனமாக ஒன்று மேலே. வாசலில் நின்று ரிசர்வைக் கூப்பிடுங்கள், நீங்கள் போகாதீர்கள். பெண் பிள்ளைக்குப் பெண் ஆசிரியர். கூடப் போகிறவர் கடைசி வரை கூடவே இருக்க வேண்டும், கழிப்பறை வாசல் வரை.

விழுந்துவிட்டால் தூக்காதீர்கள். அங்கேயே படுக்க வைத்து, கால் உயர்த்தி, வாயில் ஒன்றும் கொடுக்காமல் ரிசர்வைக் கூப்பிடுங்கள். மற்ற பிள்ளைகளிடம் ஒரே வரி: *பார்த்துக்கொள்கிறோம், நீங்கள் எழுதுங்கள்.* கண் திறக்கவில்லை, தலையில் அடி, நெஞ்சு வலி, ஐந்து நிமிடம் தாண்டிய வலிப்பு: 108. ரிசர்வ் அலுவலகத்துக்கு ஓடிப் போய் போன் செய்வார். யார் அனுமதிக்கும் காத்திருக்க வேண்டாம்.

திரும்பி வந்தால் வந்த நேரத்தை எழுதி, தாளைக் கொடுங்கள். வரவில்லை என்றால் விடைத்தாளை அவள் எழுதிய வரைக்கும் அப்படியே எடுத்து மற்றவற்றோடு வரிசை எண்ணில் வையுங்கள். ஆப்சென்ட் கிடையாது. நேரம் இரண்டையும், யார் கூடப் போனார் என்பதையும் ஒரு தாளில் எழுதி அன்றைக்கே சி.எஸ்.இடம் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள்.

கூடுதல் நேரம் பற்றி ஒரு வார்த்தையும் பிள்ளையிடம் சொல்லாதீர்கள். கிடைக்கும் என்றும் வேண்டாம், கிடைக்காது என்றும் வேண்டாம்.

இந்தக் கடைசி வரியில் எனக்கே திருப்தி இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்கிற பெண் முதலில் கேட்கப்போவது அதைத்தானே. ஹெச்.எம். இப்படியே இருக்கட்டும் என்கிறார். பொதுத்தேர்வில் நடுவில் போய்த் திரும்பிய பிள்ளைக்கு நேரம் சேர்த்துக் கொடுத்த மையம் எதையாவது நேரில் பார்த்தவர் இருந்தால், யாரிடம் அனுமதி கேட்டார்கள், எழுத்தில் வந்ததா வாய்மொழியா என்று எழுதுங்கள். "கேள்விப்பட்டேன்" வேண்டாம்.

---

கணக்கு வாத்தியார் | பிப்ரவரி 9, இரவு 8:30

பார்த்ததில்லை. கூடை மட்டும் வைத்தேன். ஒரு அறையில் நிரம்பிவிட்டது டீச்சர். டிபார் வரியையும் சேர்த்துத்தான் வாசித்தேன், அதனால் எது வேலை செய்தது என்று தெரியவில்லை.